மூன்று வினாடி, பன்னிரண்டு ஃபிரேம்

அந்த வாக்கியம் எளிதாகக் கழன்று வந்தது என்பதற்காக வெட்டினேனா, அல்லது அதை வெட்டினால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று எனக்குள் முன்பே தெரிந்திருந்ததா? ஐந்து மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஒரு பதில் வருகிறது. செவ்வாய்க்கிழமை அதற்கு நேர்மாறாக இன்னொன்று வருகிறது. இரண்டையும் நான் நம்புவதில்லை.

ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம், ஒரு மாடி ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டராக வேலை பார்க்கிறேன். கீழே மீன்வலை, மிதவை, கயிறு விற்கும் கடை. மேலே நாங்கள் மூன்று பேர்: ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன், கேமரா எடுப்பவர், நான். கல்யாணம், ஞானஸ்நானம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எது வந்தாலும் செய்வோம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் உள்ளூர் கேபிள் சேனலுக்கு விளம்பரம் செய்து கொடுப்போம். வீடு திருவொற்றியூரில். கணவருக்குக் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. யு.கே.ஜி. படிக்கும் மகளுக்கு இழுப்பு உண்டு. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாட்களில் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே வேலைக்குக் கிளம்புவேன்.

நான் வேலைக்குப் போக முடிகிறது என்றால் அதற்குக் காரணம் எதிர்வீட்டு அக்கா. மூன்றே காலுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் என் மகளைக் கூட்டி வந்து, முகம் கழுவிவிட்டு, தன் வீட்டில் வைத்துக்கொள்வார். மகள் அவரைப் பெரிம்மா என்பாள். அவர் இறால் உரிக்கும் கம்பெனியில் காலை ஷிஃப்ட் போய்விட்டு வருகிறவர். அவருடைய ஒரே மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அரசு நர்சிங் டிப்ளமோவுக்கு எப்போது விண்ணப்பம் கொடுப்பார்கள் என்று செய்தித்தாளில் தேடிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது என் கதை என்று நான் எழுத ஆரம்பித்தாலும், போனது அவளுடைய வருடம்.

ஜூன் மாதம், கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் நேரம். மருத்துவமனை உதவியாளர் பயிற்சி தரும் ஒரு தனியார் நிறுவனம் எங்களிடம் வந்தது. முந்தைய வருடம் அவர்களுடைய முதலாண்டு விழாவில் போட, திறப்பு விழாக் காட்சிகளையும் சேர்த்து நாங்களே ஒரு வீடியோ செய்து கொடுத்திருந்தோம். இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. விழா மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் கைதட்டல் வாங்கியது. அதையே சுருக்கி, மாலை சீரியலுக்கு நடுவே கேபிள் சேனலில் விளம்பரமாகப் போட வேண்டும். புதிதாக எதையும் எடுக்க வேண்டாம், இருப்பதில் வெட்டிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

சேனலில் அவர்கள் வாங்கியிருந்த இடம் அறுபது வினாடி. இதை வெளியில் இருப்பவர்கள் ‘ஒரு நிமிஷம் மாதிரி’ என்று எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு வினாடிக்கு இருபத்தைந்து ஃபிரேம், அதாவது இருபத்தைந்து படங்கள். அறுபது வினாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூற்றொன்று இருந்தால் சேனல் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். குறைந்தால் மிச்ச இடம் கறுப்பாக ஓடும், விளம்பரம் கொடுத்தவர் போன் போட்டுக் கத்துவார்.

இரண்டே கால் நிமிடத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். கட்டடத்தை டிரோனில் சுற்றியது பன்னிரண்டு வினாடி. நிறுவனத்தின் பெயர் ஆறு. பகுதித் தலைவர் ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றியது பதினாறு. பயிற்சி நிலையத்தின் முதல்வர் மேடம் பேசியது முப்பது. மாணவிகள் கட்டுப் போடுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, அதன் மேல் பின்னணிக் குரல், முப்பத்து நான்கு. ஒரு மாணவி பேசியது இருபத்திரண்டு. முகவரி பதினான்கு. இதில் எழுபத்து நான்கு வினாடி வெளியே போக வேண்டும்.

நிறுவனத்தின் மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கிளையண்ட் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்குத் தோள்பட்டை இறுகிவிடும். அண்ணனுக்கு அது தெரியும். அதனால் அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“டிரோன்ல மட்டும் கை வெச்சிடாதீங்க சிஸ்டர். அன்னிக்கு கடல் காத்து. ரெண்டு தபா கீழ வுழுந்து, மூணாவது தபா ஏத்தி எடுத்தது.”

“நாலு வினாடி வெச்சா போதும் சார். கட்டடம் முழுசா தெரியும்.”

“செரி. வெளக்கு?”

“அஞ்சு.”

“அஞ்சுல தலைவரு மெழுகுவர்த்திய கையில வாங்கவே மாட்டாரே!”

அண்ணன் சிரித்தார். “வாங்கவே வேணாம் சார். நேரா எரியற வெளக்க காட்டிடுவோம். தலைவரு பக்கத்துல சிரிச்சிகினு நிக்கட்டும். பாக்கறவன் அவருதான் கொளுத்துனாருன்னு நெனச்சுப்பான்.”

“ஆனா மூஞ்சி நல்லா தெரியணும் நைனா. அவரு வூட்ல சீரியல் பாக்கறாங்க. வெளக்கு இல்லாட்டி எனக்கு வேலை இல்ல.”

இப்படித்தான் ஒவ்வொன்றாக முடிவானது. டிரோன் நான்கு. பெயர் மூன்று. விளக்கு ஐந்து. பின்னணிக் குரலோடு வகுப்பறை பதினாறு. மாணவி எட்டு. முகவரி ஆறு. முகவரிப் பலகையை அதற்குக் குறைத்தால் தொலைபேசி எண்ணை யாராலும் எழுதிக்கொள்ள முடியாது. கூட்டினால் நாற்பத்திரண்டு. முதல்வர் மேடத்துக்கு மிச்சம் பதினெட்டு.

அந்த மேடம் அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். படம் எடுத்த அன்று மைக்கை அவர் புடவையில் குத்தியது நான்தான். எழுதிக் கொடுத்ததைப் படிக்க மாட்டேன் என்று சொல்லி, கேமராவை நேராகப் பார்த்துப் பேசினார். நோயாளியைத் தொடும் கை எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார். பயிற்சியில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று சொன்னார். நடுவே நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, “இத வெச்சு ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. அத முதல்லயே சொல்லிடறேன்” என்றார். மறுபடி நிறுத்தினார். பிறகு, உதவியாளர் வேலையும் மரியாதையான வேலைதான் என்று தொடர்ந்தார்.

அவருடைய முப்பது வினாடியில் வரவேற்பை எடுத்தேன். நன்றியை எடுத்தேன். இரண்டு முறை சொன்னதை ஒன்றாக்கினேன். வார்த்தைகளுக்கு நடுவே இருந்த மூச்சுகளைக் கிள்ளினேன். இருபத்தோரு வினாடி பன்னிரண்டு ஃபிரேமில் வந்து நின்றது. மொத்தத்தில் மூன்று வினாடி பன்னிரண்டு ஃபிரேம் அதிகம்.

முழு வீடியோவையும் நூற்றுக்கு ஆறு பங்கு வேகப்படுத்திப் பார்த்தேன். கணக்குக்குச் சரியாக வந்தது. ஆனால் மேடம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிப் பேசினார், இசையும் நடுங்கியது. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு “கலீஜா கீது மா, வேணாம்” என்றார். மேனேஜர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். அண்ணனும் கூடப் போனார். போகும்போது, “மூணே மூணு செகண்டு. எங்கனா கிள்ளிப்போடு, வந்து பாக்கறோம்” என்றார்.

அப்போது எதிர்வீட்டு அக்காவிடமிருந்து போன்.

“தங்கச்சி, இன்னிக்கு கொயந்தைய நீயே போய் கூட்டியாந்துடு மா. எங்க பாப்பா ஸ்கூலுல டி.சி. குடுக்கறாங்கோ, நான் அவ கூட லைன்ல நின்னுகினு கீறேன். நகரவே மாட்டுது.”

மணி இரண்டரை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போய்ச் சேர ஷேர் ஆட்டோ உடனே கிடைத்தாலும் அரை மணி நேரம். என் மகள் பள்ளிக்கூட வாசலில் கடைசிக் குழந்தையாக நின்றால் அழுவாள், அழுதால் இழுப்பு வரும். என் கை மவுசில் இருந்தது. மனசு பள்ளிக்கூட வாசலில் இருந்தது.

திரையில் மேடத்தின் குரல் அலைஅலையாக ஒரு கோட்டில் ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் தட்டையான மௌனம், அதற்குள் ஒரு தனி வாக்கியம். எடிட்டிங் செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு இடத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். முன்னும் பின்னும் எதிலும் ஒட்டாமல், தூக்கினால் அப்படியே வரும். முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு. அதன் நீளம் சரியாக மூன்று வினாடி பன்னிரண்டு ஃபிரேம். முன்பே அளந்து வைத்த மாதிரி.

எடுத்தேன். மேடத்தின் முகம் அந்த இடத்தில் சற்றே குதித்தது. அதன் மேல் மாணவிகள் கட்டுப் போடும் காட்சியை இரண்டு வினாடி விரித்தேன். தையல் மறைந்துவிட்டது. இசையின் முடிவைக் கொண்டுவந்து அறுபதாவது வினாடியில் உட்கார வைத்து, நடுவில் இசை ஒட்டிய இடத்தைக் குரலுக்கு அடியில் கரைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு.

நான் என்ன எடுத்தேன் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ‘சேரப் போகிறவர்களுக்கு அலுவலகத்தில் எப்படியும் சொல்வார்கள்’ என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. பின்னணிக் குரலில் ‘உறுதியான எதிர்காலத்துக்கு இன்றே வாருங்கள்’ என்று கிட்டத்தட்ட அதே நீளத்தில் ஒன்று இருந்தது. ஒன்றுமே சொல்லாத வாக்கியம். அதை எடுத்திருக்கலாம். அதைத் தொடலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் வந்து இரண்டு முறை பார்த்தார். முதல் முறை விளக்கு வந்தபோது முன்னால் குனிந்தார். இரண்டாம் முறை மேடம் பேசி முடித்ததும் தலையை ஆட்டினார்.

“மேடம் பேச்சு இப்பதான் நறுக்குன்னு கீது. மின்ன இழுவையா இருந்துச்சு.”

அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு, “சரி சார்” என்றேன். மூன்றே காலுக்கு இரண்டு நிமிடம் முன்பாகப் பள்ளிக்கூட வாசலில் இருந்தேன். மகள் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து விளம்பரம் ஓடியது. நான் சேனலை மாற்றிவிடுவேன். அப்போது அது குற்ற உணர்ச்சி இல்லை. செய்த வேலையை மறுபடி பார்த்தால் ஏதாவது குறை கண்ணில் படும் என்ற பயம், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக எதிர்வீட்டுக்குப் போனபோது அக்கா என் வாயில் லட்டுத் துண்டைத் திணித்தார்.

“பாப்பாவ நர்சுக்கு சேத்துட்டோம் மா! ஒரே வருஷம். டிவில காட்டறாங்களே, வெளக்கு ஏத்தி, பெரிய பில்டிங்கு, அந்த இடம். கவர்மெண்டு அப்ளிகேசன் பாரம் பாரம்னு சொல்லிகினு இருந்தா. இன்னும் ஆறு நாள் கீதாம் அதுக்கு. நாந்தான் சொன்னேன், இன்னாத்துக்கு அலையறே, அதான் சீட்டு கெட்ச்சிட்சே, அத்த வுட்டுட்டு போவியான்னு.”

லட்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு திரும்பினேன். அந்தப் பெண் என் மகளுக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவ நல்லா விசாரிச்சியா மா?” என்றேன். “இந்த ஒரு வருஷப் படிப்ப வெச்சு ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியுமான்னு…”

“விளம்பரத்துல அந்தப் பெரிய மேடம் பேசறாங்களே, பாத்தீங்களா ஆன்ட்டி? அவங்கள பாத்துட்டுத்தான் சேந்தேன். மத்தவங்க மாதிரி ஏத்திச் சொல்லல. எவ்ளோ நேர்மையா பேசறாங்க. அப்படி எதனா இருந்தா அவங்களே சொல்லிருப்பாங்க.”

அவங்களே சொன்னாங்க மா. படம் எடுத்த அன்று நான் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்து கேட்டேன். இதை நான் சொல்லவில்லை. “அதுக்கில்ல, அந்த பாரத்தையும் சும்மா போட்டு வெச்சா என்ன?” என்று மட்டும் கேட்டேன்.

அக்கா குறுக்கே வந்தார். “போட முடியாது மா. மார்க் ஷீட்டு, டி.சி., எல்லா ஒரிஜினலும் அங்க வாங்கிகினாங்கோ. சேர்றப்போ குடுத்துடணுமாம். இன்னா நீ, சந்தோசமா ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தா பேஜாரு பண்றே?”

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர்களுக்குப் பாதிதான் தெரியும். கல்யாண ஆல்பம், கல்யாண வீடியோ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தியதில்லை.

மறுநாள் காலை சீக்கிரம் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பழைய கோப்பைத் திறந்தேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப வைத்தேன். டிரோனில் ஒரு வினாடி குறைத்தேன். விளக்கில் ஒன்றரை. தலைவர் அப்போதும் சிரித்துக்கொண்டு நின்றார். பெயரில் அரை. மிச்சம் அரை வினாடிக்கும் குறைவு. வகுப்பறைக் காட்சியில் பின்னணிக் குரல் ஆரம்பிக்கும் முன்பு இருந்த சும்மா இடத்திலிருந்து அதையும் கிள்ளினேன். ஆயிரத்து ஐந்நூறு. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம் என்பதைத் திரை எனக்குக் காட்டியது. முடியாமல் போனது என்று சொல்லிக்கொள்ளும் வழியும் அன்றோடு அடைபட்டது.

அண்ணன் வந்ததும் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

“நல்லாத்தான் கீது. ஆனா யாரு கேட்டா இத?”

“யாரும் கேக்கல அண்ணா. அந்த வாக்கியம் முக்கியம்.”

“முக்கியம்னு அவங்களுக்கு தோணணும் மா. அவங்க ஓகே பண்ணி, சேனலுக்குப் போயி, ஓடிகினு கீது. நாம போய் ‘சார், உங்க படிப்பு நர்சு படிப்பு இல்லன்னு சேத்து வெச்சிருக்கோம்’னு சொன்னா அந்தாளு இன்னா பண்ணுவான்? அடுத்த வேலைய மணலிப் பக்கம் எவனுக்காவது குடுத்துடுவான்.” அப்புறம் குரலைத் தணித்தார். “உன் வேலை அறுபதுக்குள்ள அடக்கறது. அடக்கிட்ட. அதோட வுடு. கொயந்தைய பாரு.”

அவர் கெட்டவர் இல்லை. என் மகளுக்கு மூச்சு வாங்கிய நாளெல்லாம் லீவு என்று கேட்பதற்கு முன்பே அனுப்பி வைப்பவர். அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச எனக்கு வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் பேசியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

அரசு விண்ணப்பத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது வார்த்தைகளை அடுக்குவேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவை கலைந்துவிடும். மூன்றாம் நாள் மதியம் மகளுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. கணவர் யார்டுக்குள் இருந்தார். அங்கே போன் எடுக்க முடியாது. அக்காதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை மருந்துப் புகை வரும் முகமூடியோடு அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, “ஒண்ணும் இல்ல மா, அடங்கிட்சு. பாப்பா நர்சாயிட்டா நமக்கு இன்னா கவல?” என்றார்.

அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? இதை நான் உண்மையாகவும் கேட்கிறேன், சாக்காகவும் கேட்கிறேன். ஐந்து நாளும் போய்விட்டன.

கெடு முடிந்து பத்து நாள் கழித்து அந்த முதல்வர் மேடம் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். அவர் வீட்டில் கேபிள் இல்லை, யாரோ சொல்லித்தான் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“நான் சொன்னது எங்கப்பா?”

“மேடம், அது சேனல் நேரம் மேடம். அறுபது வினாடிதான் தருவாங்க.”

“வெளக்குக்கு நேரம் இருந்துச்சே. மாடிக்கு மேல பறக்கறதுக்கு நேரம் இருந்துச்சே. அந்த ஒரு வார்த்தைய சொல்லணும்னுதான் நான் கேமரா முன்னாடி உக்காந்தேன். யாரு எடுத்தது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். “மிஷின்ல அளவு பாத்து எடுக்கறது மேடம்” என்றார் அண்ணன். “எந்த வார்த்தை ஆபீசுக்கு வலிக்கும்னு மிஷினுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு மேடம் போனை வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் வேறு வேலையாக வந்த மேனேஜர், மேடம் இப்போது அங்கே இல்லை, முழங்கால் வலி என்று நின்றுவிட்டார் என்றார். விளம்பரம் மட்டும் சேர்க்கை முடியும்வரை ஓடியது. அவர் அங்கே இல்லாத நாட்களிலும், தினமும் மாலை, அவர் முகம் வந்து பிள்ளைகளை அழைத்தது.

போன மாதம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அது ஒரு ஞாயிறு மதியம். பயிற்சிக்காக ஒரு மருத்துவமனை வார்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இவளுடைய ஆர்வத்தைப் பார்த்து, “ஏம் மா, இவ்ளோ மார்க் எடுத்துட்டு இங்க வந்து பெட்ஷீட் மாத்திகினு கீற? டிப்ளமோ போட்டிருக்கலாமே” என்று கேட்டிருக்கிறார். இவள், இதை முடித்தால் நானும் உங்க மாதிரி ஆயிடுவேன் இல்ல என்றிருக்கிறாள். அந்த நர்ஸ் சிரிக்கவில்லையாம். பக்கத்தில் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னாராம்.

“ஆபீசுல போய்க் கேட்டேன் ஆன்ட்டி. சேர்றப்போ ஏன் சொல்லலன்னு. மேனேஜரு கம்ப்யூட்டர்ல பழைய வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டினாரு. பெருசு. அதுல அந்த மேடம் தெளிவா சொல்றாங்க. ‘நாங்க மறைக்கலையே, நீதான் முழுசா விசாரிக்கல’ன்றாரு. ஒரிஜினலு வேணும்னா வருஷம் முடிச்சுட்டு வாங்கிக்கோன்றாரு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இதுவும் சாக்காக இருக்கலாம்.

“அம்மாவுக்குத் தெரியாது ஆன்ட்டி. தெருவுல எல்லாருக்கும் லட்டு குடுத்துட்டாங்க. நீங்க சொல்லிடாதீங்க.” பிறகு கேட்டாள்: “நீங்க வீடியோ வேலதானே பண்றீங்க? டிவில அந்தப் பேச்ச மட்டும் யாரு எடுத்திருப்பாங்க? வேணும்னேதான் எடுத்திருப்பாங்க, இல்ல?”

“நேரம் பத்தாம இருந்திருக்கும்” என்றேன்.

“மூணு செகண்டு ஆன்ட்டி. நான் எண்ணிப் பாத்தேன்.”

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றேன். எதிர்வீட்டில் அக்கா யாரிடமோ, எம் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சிட்டா என்று சொல்வது கேட்டது.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அடுத்த வருடம் டிப்ளமோ விண்ணப்பம் வரும்போது அவள் கையில் அசல் சான்றிதழ்கள் இருக்க வேண்டும். படிப்பை நடுவில் விட்டு அவற்றை வாங்க வேண்டுமானால் அக்கா நேரில் போய்ச் சண்டை போட வேண்டும். அதற்கு அக்காவுக்கு எல்லாம் தெரிய வேண்டும். சொல்லாதீர்கள் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள். சொன்னால், வெட்டிய கை என்னுடையது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாதி சொல்ல இனி எனக்கு மனம் வராது. சொன்ன மறுநாள் மூன்றே காலுக்கு என் மகளை யார் கூட்டி வருவார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. வேலையும் போகலாம். அப்படியே சொன்னாலும், அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்வதா, அக்காவிடம் முதலில் சொல்வதா? அந்த முதல்வர் மேடத்தைத் தேடிப் பிடித்து, எங்களோடு ஆபீசுக்கு வாருங்கள் என்று கேட்க எனக்கு முகம் இருக்கிறதா? நீங்கள் அந்த அக்காவாக இருந்தால், யார் வாயிலிருந்து, எந்த வார்த்தையில் இதைக் கேட்க விரும்புவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள்.